பதினோராம் பிரிவின் இரண்டாம் வாக்கியம்

அந்த அலுவலகத்தில் அவளைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களிடம் கையெழுத்து வாங்கும் விதிமுறைகள் இருக்கின்றனவே, யாரும் படிக்காமல் கடைசிப் பக்கத்துக்குத் தாவும் அந்தச் சங்கதிகள், அவற்றைச் சாதாரண மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும்படி திருத்தித் தருவது அவள் தொழில். ஒன்றரை முழ நீள வாக்கியத்தை மூன்றாக நறுக்குவாள். 'சந்தாதாரர்' என்பதை 'நீங்கள்' ஆக்குவாள். 'பட்சத்தில்', 'அங்ஙனம்', 'மேற்படி' எல்லாம் அவள் கையில் பட்டால் பிழைக்காது.

தொழிலுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. வாக்கியம் மாறலாம், வார்த்தை மாறலாம், யாருக்கு என்ன உரிமை, யாருக்கு என்ன கடமை என்பது மட்டும் இம்மியும் மாறக் கூடாது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் அவள் இதை முதல் நாளே சொல்லிவிடுவாள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் கர்வம் இருக்கும். பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் கர்வம் இருக்கத்தானே செய்யும்.

இந்த முறை வந்திருந்தது ஓர் அவசரப் பொத்தான் நிறுவனத்தின் வேலை. தனியாக வசிப்பவர்கள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளும் சின்னப் பொத்தான் அது. விழுந்தால், நெஞ்சு வலித்தால் அழுத்த வேண்டும். வீட்டுச் சுவரில் மின்சாரத்தில் செருகி வைத்திருக்கும் ஒரு பெட்டி அதைக் கேட்டு, நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும். ஏழு வருடத்துக்கு முன் இதே நிறுவனத்தின் நாற்பத்தொரு பக்க விதிமுறையைப் பத்தொன்பது பக்கமாக்கியவள் கத்தரிதான். அவளுக்குப் பெயர் வாங்கித் தந்ததே அந்த வேலைதான். இப்போது அந்தப் பத்தொன்பதைப் பன்னிரண்டாக்கித் தரும்படி கேட்டிருந்தார்கள்.

திருத்தி முடித்ததும் வழக்கம்போல் வாசகர் சோதனை வைத்தாள். நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் ஐந்து பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கூட்ட அறையில் உட்கார வைத்து, புதிய விதிமுறையைப் படிக்கச் சொல்வது. 'புரிகிறதா?' என்று கேட்கவே கூடாது. கேட்டால் எல்லாரும் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். 'இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்க வேண்டும். பதிலில்தான் குட்டு வெளிப்படும்.

மூன்றாவதாக வந்தவர் ஓய்வுபெற்ற லிப்ட் மெக்கானிக். எழுபது வயதிருக்கும். சட்டைக்குள்ளிருந்து பொத்தானின் கயிறு எட்டிப் பார்த்தது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, விரலை வரிக்கு வரி வைத்து, இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பவரின் நிதானத்தோடு படித்தார்.

"ஐயா, பெட்டியோட பிளக் கழன்று கிடக்குதுன்னு வச்சுக்குங்க. உங்களுக்குத் தெரியாது. அப்ப என்ன நடக்கும்னு இதைப் படிச்சா தோணுது?" என்று கத்தரி கேட்டாள்.

"ஒண்ணும் நடக்காது."

"ஒண்ணும் நடக்காதுன்னா?"

"ஒண்ணும் நடக்காதும்மா. நீங்க பொத்தானை அழுத்திக்கிட்டே இருக்கலாம். யாரும் வரமாட்டாங்க." அவர் விரல் ஒரு வரியில் நின்றது. "இதோ போட்டிருக்கீங்களே. 'பெட்டியை எப்போதும் மின்சாரத்தில் இணைத்து வைப்பது உங்கள் பொறுப்பு.' இதை நான் முன்னாடியே படிச்சிருக்கேன். பழைய புத்தகத்துலயும் இப்படியேதான் இருந்துச்சு. ரொம்பத் தெளிவா."

கத்தரி புன்னகைத்தாள். தன் வரியை ஒருவர் மனப்பாடமாகச் சொன்னால் யாருக்குத்தான் இனிக்காது?

"அஞ்சு வருஷம் முன்னாடி," என்றார் அவர். "எங்க அக்கா தனியா இருந்தா. ஞாயித்துக்கிழமை போனா ஏதாவது ரிப்பேர் பார்த்துக் கொடுப்பேன். அன்னிக்கு ஒரு அலமாரி மாட்டணும். டிரில்லுக்கு வேற பிளக் பாயின்ட் எட்டலை. பெட்டியோட பிளக்கைப் பிடுங்கினேன். வேலையை முடிச்சேன். டீ குடிச்சேன். கிளம்பிட்டேன்."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கத்தரியின் பேனா நின்றது.

"புதன்கிழமை அக்கா குளியலறையில வழுக்கி விழுந்துட்டா. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் போய்த்தான் பார்த்தேன். விழுந்த அப்புறமும் ஒண்ணரை நாள் உயிர் இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். பொத்தானுக்குள்ள ஒரு பதிவு இருக்குமாம். கம்பெனிக்காரங்க எடுத்துப் பார்த்துச் சொன்னாங்க. பதினேழு தடவை அழுத்தியிருக்கா."

"பெட்டிக்குள்ள பேட்டரி இருக்குமே ஐயா? பிளக் போனாலும்…"

"இருந்துச்சு. பழசாகி எப்பவோ செத்துப்போயிருக்கு. பிளக்கைப் பிடுங்கின நிமிஷமே பெட்டியும் போச்சு. பேட்டரி தீரப்போகுதுன்னு எச்சரிக்கை கொடுக்கக்கூட அதுல உயிர் இல்லை." அவர் தாளைச் சீராக அடுக்கி அவள் பக்கம் தள்ளினார். "நாப்பது வருஷம் லிப்ட் பார்த்தேன். ஒரு ஆளுக்குச் சின்னக் கீறல் பட்டதில்லை. அக்காவைக் கொன்னுட்டேன். தெளிவா எழுதியிருந்ததால சாக்கு சொல்லவும் வழியில்லாம போச்சு. அதுவும் நல்லதுக்குத்தான்."

அவர் குரல் உயரவும் இல்லை, தழுதழுக்கவும் இல்லை. அதைத்தான் கத்தரியால் தாங்க முடியவில்லை. நன்றி சொல்லி வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். அடுத்து வந்த இரண்டு பேரும் என்ன சொன்னார்கள் என்று பிறகு யோசித்தபோது ஒரு சொல்கூட நினைவில் இல்லை.

அன்றிலிருந்து அவளை ஏதோ ஒன்று பின்தொடர ஆரம்பித்தது. பேய் பிசாசு என்றால் அவள் சிரித்துவிடுவாள். இது அப்படி இல்லை. எங்கேயோ படித்த ஒரு வாக்கியம், முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை என்பார்களே, அந்த மாதிரி. மூன்று நாள் ஒரு பெட்டி மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தால் யாராவது ஒருவர் கூப்பிட்டு 'என்ன ஆச்சு' என்று கேட்க வேண்டாமா? கேட்கத்தான் வேண்டும் என்று யாரோ எழுதியிருந்தார்களே? பல் தேய்க்கும்போது அது வந்து நின்றது. பேருந்தில் வந்து நின்றது. குளியலறைக் கதவைத் தாழிடும்போதெல்லாம் கை ஒரு நொடி தயங்கியது. சாப்பாட்டு மேசையில் மகள் இரண்டு தடவை கூப்பிட்டும் அவள் காதில் விழவில்லை.

"அம்மா, யாரை எதிர்பார்க்கிறே? வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கே."

"யாரையும் இல்லடி. சாப்பிடு."

மறுநாள் காலை முதல் வேலையாக, பழைய கோப்புகள் இருக்கும் அலமாரியைத் திறந்தாள். நாற்பத்தொரு பக்க மூலம் கீழ்த் தட்டில் இருந்தது. முழுக்க அவளுடைய சிவப்புப் பேனா. ஏழு வருடத்துக்கு முந்தைய தன் கையெழுத்தைப் பார்க்க அவளுக்கே வேறு யாரோ எழுதியது போலிருந்தது. எவ்வளவு துணிச்சலான கோடுகள்!

ஏழாம் பிரிவின் மூன்றாம் வாக்கியம், பேட்டரி தீரும் நிலையில் எச்சரிக்கை வந்தால் நிறுவனம் சந்தாதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அது புதிய விதிமுறையிலும் பத்திரமாக இருந்தது. நான்கு பக்கம் தள்ளி, பதினோராம் பிரிவின் இரண்டாம் வாக்கியம். அதன் மேல் ஒரு முழு நீளக் கோடு. ஓரத்தில் அவள் குறிப்பு: 'திரும்பச் சொல்கிறார்கள். 7.3-இல் சேர்த்தாயிற்று.' பக்கத்தில் அலுவலக வக்கீலின் சரிக்குறி.

அவள் அந்த வாக்கியத்தைப் படித்தாள். நின்றபடியே மறுபடி படித்தாள். ஏழாம் பிரிவு சொன்னது பேட்டரி எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது என்று. பதினோராம் பிரிவு சொன்னது எந்தக் காரணத்தாலும் பெட்டி பேசாமல் போனால் என்ன செய்வது என்று. இரண்டிலும் 'சாதனம்', 'தெரிவித்தல்', 'சந்தாதாரர்'. தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் சொல்வதுதான் இந்த மாதிரி ஆவணங்களின் பெரிய வியாதி. அந்த வியாதியை ஒழிப்பதில் அவளுக்கு ஒரு வெறி இருந்தது. அந்த வெறியில் நிறுவனத்தின் ஒரு கடமையை வெட்டி எறிந்துவிட்டாள். தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இப்போதெல்லாம் அவள் மூன்று பத்தியாகக் கோடு போட்டுப் பிரித்த தாளில் வேலை செய்கிறாள். முதல் பத்தியில் பழையது, இரண்டாவதில் புதியது, மூன்றாவதில் யார் யாருக்கு எப்போது என்ன செய்ய வேண்டும் என்ற கணக்கு. மூன்றாவது பத்தியில் ஒரு வரி குறைந்தாலும் உடனே தெரிந்துவிடும். ஏழு வருடத்துக்கு முன் அந்த மூன்றாவது பத்தி இல்லை. அது அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

ஒருவேளை எழுத்தில் போனாலும் நடைமுறையில் செய்துகொண்டிருப்பார்களோ என்று ஒரு நப்பாசை. திருத்த வேலைக்காக நிறுவனம் ஒரு பொத்தானும் பெட்டியும் அவள் பெயரில் பதிந்து கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றினாள். பச்சை விளக்கு அணைந்தது. பொத்தானைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மதியம் இருபத்து நான்கு மணி நேரம் ஆனது. போன் ஒலிக்கவில்லை. மாலையில் ஒலித்தபோது தூக்கிவாரிப்போட்டது. மகள்தான், கீழ்க்கடையிலிருந்து, எண்ணெய் எந்த அளவு பாட்டில் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். க்ளிக் என்றது, அவ்வளவுதான். இன்னொரு தடவை அழுத்தினாள். ஏழாவது தடவைக்கு மேல் அவளால் அழுத்த முடியவில்லை. பார்த்தே இராத ஒரு பெண் பக்கத்தில் படுத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருப்பது போலிருந்தது. பட்டப்பகலில் அவளுக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அவளே கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தாள். ஓர் இளம்பெண் எடுத்தாள்.

"ஆமா மேடம், உங்க பெட்டியிலிருந்து வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து சிக்னல் இல்லைன்னு திரையில தெரியுது."

"தெரிஞ்சுமா நீங்க கூப்பிடலை?"

"பேட்டரி எச்சரிக்கை வந்தாதான் மேடம் கூப்பிடுவோம். சும்மா சிக்னல் நின்னா கூப்பிடணும்னு விதிமுறையில இல்லையே."

"எப்பவுமே இப்படித்தானா?"

"முன்னாடி தினமும் காலையில ஒரு பட்டியல் வருமாம், சிக்னல் நின்ன வீடுங்களுக்கெல்லாம் போன் பண்ணுவாங்களாம். விதிமுறை மாறினப்ப அதை நிறுத்திட்டாங்கன்னு எங்க சீனியர் சொல்வாங்க. ஏன் மேடம், ஏதாவது பிரச்சினையா?"

"இல்லம்மா," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வக்கீலிடம் போனாள். அன்று சரிக்குறி போட்ட அதே வக்கீல். இப்போது தலை நரைத்து, வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறார். நாற்பத்தொரு பக்கத்தையும் பத்தொன்பது பக்கத்தையும் அருகருகே வைத்தாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இதை இப்ப பன்னிரண்டு பக்கத்துல திரும்பச் சேர்த்துடறேன் சார்."

"சேர்க்க முடியாதும்மா. நமக்குக் கொடுத்த மூலம் இந்தப் பத்தொன்பது பக்கம். இதுல அந்தக் கடமை இல்லை. நீங்க சேர்த்தா, நாம புதுசா ஒரு கடமையை உருவாக்குறோம். எதையும் மாத்தக் கூடாதுங்கிறதுதானே நம்ம விதி?"

"எடுத்தப்ப அந்த விதி எங்கே போச்சு சார்?"

அவர் சுவரைப் பார்த்தார். கத்தரிக்கு அவர் மேல் கோபம் பொங்கியது. அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது. கோடு போட்டது யார், அவரா?

"ஒரு குறிப்பு எழுதுங்க," என்றார் கடைசியில். "என்ன இருந்துச்சு, எப்படிப் போச்சு, யார் பண்ணினதுன்னு. நானும் கையெழுத்துப் போடறேன். கம்பெனி முடிவு பண்ணட்டும், மறுபடி அந்தக் கடமையை ஏத்துக்கிறதா வேண்டாமான்னு. ஆனா ஒண்ணு. அந்தப் பெரியவர்கிட்ட மட்டும் போயிடாதீங்க. கேஸ் வரும். உங்க வேலையும் போகும், நம்ம ஆபீசும் போகும். அஞ்சு வருஷமா அவர் அதோட வாழப் பழகிட்டார். விட்டுடுங்க."

குறிப்பை எழுதினாள். வாழ்க்கையில் எழுதியதிலேயே சுருக்கமான ஆவணம் அதுதான். 'இந்தக் கடமையை நான் தவறுதலாக நீக்கினேன்' என்று முதல் வரியிலேயே போட்டாள். இருவரும் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். நான்காம் நாள் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. பரிசீலனையில் இருக்கிறது, அதுவரை பன்னிரண்டு பக்க வேலையைத் தொடரவும்.

பழகிட்டார் என்ற வக்கீலின் சொல்தான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. செய்யாத கொலைக்கு ஒரு மனிதர் தன்னைத்தானே தூக்கில் போட்டுக்கொண்டு, அது நல்லதுக்குத்தான் என்கிறார். அவருக்கு அந்தத் தீர்ப்பை எழுதிக் கொடுத்தது அவளுடைய தெளிவான வரி. அப்படியானால் பழகிவிட்டார் என்று எப்படி விடுவது? வேலை போனால் போகட்டும் என்று சொல்வது சுலபம். மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. அதையும் யோசித்தாள். யோசித்துவிட்டுத்தான் பதினோராம் பிரிவின் நகலை மடித்துப் பையில் வைத்தாள்.

லிப்ட் மெக்கானிக்கின் வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்தவர் அவளைப் பார்த்து ஆச்சரியப்பட்டாலும் காட்டிக்கொள்ளவில்லை. ஒற்றை அறை, சுத்தமாக இருந்தது. சுவரோரம் பெட்டி பச்சை விளக்கோடு இருந்தது. அதன் பிளக்கைச் சுவரோடு சேர்த்துக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் நாலைந்து சுற்றுச் சுற்றி ஒட்டியிருந்தார். பிடுங்க வேண்டுமென்றால் சுவரையே பெயர்க்க வேண்டும்.

"உட்காருங்கம்மா. சோதனையில ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"நீங்க இல்லை ஐயா. நான்தான் தப்பு பண்ணியிருக்கேன்." நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது அத்தனையும் மறந்துபோனது. "நீங்க படிச்சேன்னு சொன்னீங்களே, அந்தப் பழைய புத்தகம். அதை எழுதினது நான். அதுக்கு முன்னாடி ஒரு பெரிய புத்தகம் இருந்துச்சு. அதுல கம்பெனி பண்ண வேண்டிய ஒரு வேலை இருந்துச்சு. சுருக்கினப்ப அதை நான் எடுத்துட்டேன். தெரியாம. எடுத்ததும் அவங்க அந்த வேலையைச் செய்யறதை நிறுத்திட்டாங்க."

அவர் பார்வை சுவரோரப் பெட்டிக்குப் போனது.

"அது இருந்திருந்தா, திங்கட்கிழமையே உங்க அக்காவுக்குப் போன் வந்திருக்கும். அவங்க விழுந்தது புதன்கிழமை."

வெளியே படிக்கட்டில் யாரோ செருப்புச் சத்தத்தோடு ஏறிப் போனார்கள். அவள் பையிலிருந்து அந்த நகலை எடுத்தாள்.

"படிங்க," என்றார்.

"எளிமையா சொல்லணும்னா ஐயா, பெட்டியிலிருந்து வர வேண்டிய…"

"நீங்க எழுதறது வேண்டாம்மா. அதுல என்ன இருந்துச்சோ அப்படியே படிங்க."

அவள் தாளைப் பிரித்தாள். தான் வெட்டிய அந்த வாக்கியத்தை ஒரு சொல் விடாமல் படித்தாள்.

"'மேற்படி சாதனத்தினின்று பெறப்பட வேண்டிய காலமுறைச் சமிக்ஞையானது எக்காரணத்தாலேனும் தொடர்ந்து இருபத்து நான்கு மணி நேரம் பெறப்படாத பட்சத்தில், நிறுவனமானது சந்தாதாரரைத் தொலைபேசி வாயிலாகத் தொடர்புகொள்ளக் கடமைப்பட்டதாகும், அங்ஙனம் தொடர்புகொள்ள இயலாதவிடத்து, சந்தாதாரரால் நியமிக்கப்பட்ட தொடர்பாளருக்கு உடனடியாகத் தெரிவிக்கக் கடமைப்பட்டதாகும்.'"

அவர் கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் மெல்ல அசைந்தது.

"பெட்டியிலிருந்து சிக்னல் வந்துக்கிட்டே இருக்கணும். ஒரு நாள் நின்னா, ஏன் நின்னுச்சுன்னு பார்க்க வேண்டாம், அக்காவுக்குப் போன் போடணும். அவ எடுக்கலைன்னா தொடர்பாளருக்குப் போடணும்." கண்ணைத் திறந்தார். "தொடர்பாளர்னு என் பேரைத்தான் கொடுத்திருந்தா. நல்லாத்தானேம்மா புரியுது. இதுல எந்த இடம் யாருக்குப் புரியாதுன்னு எடுத்தீங்க?"

"புரியாதுன்னு எடுக்கலை ஐயா. வேற ஒரு இடத்துலயும் அக்காவுக்குத் தெரிவிக்கணும்னு இருந்துச்சு. ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொல்றாங்கன்னு நினைச்சுட்டேன்."

அவர் கை நீட்டி அந்தத் தாளை வாங்கிக்கொண்டார். விரலை வரியில் வைத்து, கடைசிச் சொல்வரை மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். பிறகு விரல் திரும்பி வந்து 'தொடர்பாளருக்கு' என்ற சொல்லில் நின்றது.

"அக்காவுக்குத்தாம்மா ரெண்டு தடவை இருந்திருக்கு," என்றார். "எனக்கு இந்த ஒரு தடவைதான் இருந்துச்சு."